அழகர் இறங்காத தொட்டி

ரஜீவ் செத்துப்போனதற்கு அழகர்தான் காரணம் என்று ஹாலிஎலையில் சொல்லாத வாய் இல்லை. உண்மைதான், அவன்தான் காரணம். ஆனால் ஊர் சொல்கிற காரணம் வேறு, நடந்தது வேறு. ஊருக்கு எப்போதும் இதே பழக்கம். ஆளைச் சரியாகப் பிடித்துவிடும், குற்றத்தை மட்டும் மாற்றி எழுதிவிடும்.

ஊர் சொல்வது இது. தங்கச்சி புருஷன் தொட்டிக்குள் சுருண்டு விழுந்து கிடந்தபோது மேலே நின்ற அழகர் இறங்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் தொட்டி வாயிலேயே நின்றான். தான்தான் இறங்கவில்லை என்றால், இறங்கப் போனவர்களையும் பிடித்து இழுத்துப் போட்டான். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அழகருக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது தயானி ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்த வருடம் போய்விட்டார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது, இவனுக்கு இருபத்திரண்டு. சித்தி வீட்டில் அவளை விட்டுவிட்டு கொழும்புக்குப் போனவன், வெள்ளவத்தையில் தண்ணீர்த் தொட்டி கழுவும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தான். அவளைப் படிக்க வைத்ததும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க விடாமல் காத்ததும், ரஜீவைப் பார்த்துப் பேசி முடித்துக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள மறந்தே போனான். அந்தத் தங்கச்சி இப்போது அவனை முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. அண்ணே என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டியிருந்தால் “இந்தாங்க” என்பாள், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவது மாதிரி. அவளைத் திரும்பப் பெற வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

கொழும்பிலிருந்து அழகர் திரும்பி வந்தது இரண்டாயிரத்து மூன்றில். பக்கத்து டவுன் பதுளையில் அப்போதுதான் மாடி வீடுகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. வீட்டுக்கு வீடு கூரையில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, சமைக்கிற குசினியில் தண்ணீர் வடிகட்டும் பில்டர். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா? தரை ஓடு முகம் தெரிய மின்ன வேண்டும். கூரைத் தொட்டிக்குள் பல்லி செத்து மிதந்தாலும் கவலையில்லை. மூடியைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்! அழகர் வீடு வீடாகப் போய் மூடியைத் திறந்து காட்டினான். ஹாலிஎலையில் ஒரு வீட்டில், அடியில் நாலு விரல் உயரத்துக்குப் படிந்திருந்த சேற்றை அள்ளி வெள்ளைக் கோப்பையில் வைத்து வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினான். அந்தம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த வரிசை முழுக்க அவனுக்கு வேலை.

தொட்டி வேலைக்கு அழகரும் ரஜீவும். பில்டர் வேலை தயானிக்கு. அது அவளாகவே கண்டுபிடித்து எடுத்துக்கொண்ட யோசனை. “தொட்டிய வருசத்துக்கு ரெண்டு தடவதான் கழுவுவாங்க. பில்டர் மூணு மாசத்துக்கு ஒருக்கா. நான் போய்ப் பழகி வச்சா தொட்டியும் நம்மகிட்டதான வரும்,” என்றாள். ஒவ்வொரு பில்டரிலும் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். எப்போது கழுவியது, அடுத்து எப்போது, மெழுகுதிரி மாதிரி உள்ளே நிற்கும் அந்த வெள்ளைக் கேண்டிலை எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கேண்டிலைத் தேய்க்கும் வீட்டுக்காரிகளை அவள் திட்டுகிற திட்டு அந்தக் குசினிகளில் பிரசித்தம். “ஓடுற தண்ணியில மெது பிரஷ்ஷால தேய்ங்க அக்கா, சவக்காரம் ஓட்டைக்குள்ள போய் ஒக்காந்துக்கும்.” கரண்டில் ஓடும் பில்டர் வைத்திருப்பவர்களிடம் இன்னொரு பாட்டு. “நீல வெளக்கு எரியுதுனு நம்பாதீங்க. வருசம் ஒண்ணாச்சுனா எரியும், ஆனா கிருமியச் சாகடிக்காது.”

ரஜீவ் சிரித்த முகம். வேலை செய்யும்போது பேசிக்கொண்டே இருப்பான். தொட்டிக்குள்ளிருந்து அவன் பேசினால் குரல் கோயில் மணி மாதிரி எதிரொலிக்கும். மேலே நின்று அழகர், “வாய மூடிட்டுத் தேய்டா மாப்ள,” என்பான். அவன் மூடமாட்டான்.

அழகரிடம் கொழும்பில் கற்ற சட்டங்கள் இருந்தன. நிலத்துக்குள் இருக்கும் தொட்டி என்றால் மூடியைத் திறந்து அரை மணி நேரம் விட வேண்டும். ஊதுகாற்று மெசினை வைத்து, துணிக்குழாயால் அடி வரைக்கும் காற்று அடிக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே ஒருவன் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: கீழே ஒருவன் விழுந்துவிட்டால் மேலே நிற்பவன் இறங்கக்கூடாது. ஒருபோதும் கூடாது. தெகிவளையில் ஒரு ஓட்டல் தொட்டியில் ஒருவன் விழ, அவனைத் தூக்க இன்னொருவன் இறங்க, அவனைத் தூக்க அவன் தம்பி இறங்க, மூன்று பேரையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்ததை அழகர் கண்ணால் பார்த்திருக்கிறான்.

இதோடு தோட்டத்துச் சட்டம் ஒன்றையும் அவன் சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா கிணறு வெட்டப் போனவர், தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கக்கூஸ் குழி தோண்டப் போனவர். குழிக்குள் இறங்குவதற்கு முன் குப்பி லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் இறக்குவார். அணைந்தால் கெட்ட காற்று, இறங்கக்கூடாது. எரிந்தால் இறங்கலாம். ஊவா மலையில் குழி தோண்டிய ஒவ்வொரு தமிழனும் அந்த லாம்பை நம்பித்தான் இறங்கியிருக்கிறான். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் இருக்கிறது. அதனால் அழகரும் நம்பினான்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணி, ஒரு சனிக்கிழமை. பதுளை டவுனில் மேட்டு ரோட்டில் இருக்கிற நாலு மாடி, பன்னிரண்டு வீடு. அந்த மாடிக் குடியிருப்பின் செயலாளர் இரகுநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கடுதாசியில் கேட்பவர். வருடத்துக்கு எத்தனை தரம் கழுவுவீர், எந்த மருந்து போடுவீர், எத்தனை மணி நேரம் தண்ணீர் இராது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வேலையைக் கொடுத்தார். கூரைத் தொட்டிகள் மூன்று, கீழே கார் நிறுத்தும் இடத்தில் நிலத்தொட்டி ஒன்று, பன்னிரண்டு வீட்டுப் பில்டர்கள். பதுளையில் அதுவரை அழகருக்குக் கிடைத்த வேலைகளிலேயே பெரியது அதுதான்.

டவுன் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் வரும். அன்று பின்னேரம் நாலு மணிக்கு வர வேண்டிய முறை. அதற்குள் நிலத்தொட்டி தயாராக வேண்டும். காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. கரண்ட் பம்பை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். ஊதுகாற்று மெசின் ஓடியது. ரஜீவ் இறங்கிச் சேற்றை வாரி வாளியில் கொடுத்தான், சுவரைத் தேய்த்தான், குளோரின் தூள் கரைத்த தண்ணீரை அடித்துக் கழுவினான். பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்ததாம்.

தொட்டிக்குள் முழங்கால் அளவுக்குப் பால் மாதிரிக் கழுவுத் தண்ணீர் நின்றது. அதை எடுக்காமல் நல்ல தண்ணீரை விட முடியாது. ஒரு மணி வரைக்கும் காத்திருந்தார்கள். இரகுநாதன் இரண்டு தரம் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

“அழகர், நாலு மணிக்குத் தண்ணி வரும். இண்டைக்கு விட்டால் திங்கள்தான். ரெண்டு வீட்டில கைக்குழந்தையள் இருக்கு. என்ன செய்யப்போறீர்?”

அவர் கேட்டது நியாயம். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள் ஐயா என்று அழகர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கோபப்படுவார், கடுதாசியை எடுத்துக் காட்டுவார், அவ்வளவுதான். அழகர் சொல்லவில்லை. பாறூக் நானா கடைக்கு ஆள் அனுப்பிப் பெற்றோல் வாட்டர் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுப்பித்தான்.

பம்பை மேலே வைத்துக் குழாயைத் தொட்டிக்குள் விட்டால் போதும். ஆனால் வந்த உறிஞ்சு குழாயில் நடுவே வெடிப்பு. தண்ணீருக்குப் பதில் காற்றைத்தான் இழுத்தது. துணி சுற்றிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அப்போது ரஜீவ் சொன்னான்:

“வெலிமடையில எங்க மாமா கெணத்துக்குள்ளயே பம்ப எறக்கித்தான் ஓட்டுவாரு மச்சான். கல்லு மேல வச்சா கொழாய் எட்டும். வெடிச்ச எடத்த அறுத்துட்டா, மிச்சக் கொழாய் ஒரு மொழம் இருந்தாலே போதும்.”

வெலிமடையில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், அழகரும் பார்த்திருக்கிறான். அந்தக் கிணறுகள் வீடு மாதிரி அகலம். மேலே வானம் திறந்து கிடக்கும். இது பன்னிரண்டு அடிக்குப் பத்தடிப் பெட்டி. ஒரு ஆள் நுழையும் சதுர வாய், அதற்கு மேலே நாலு மாடி. இந்த வித்தியாசம் அவன் புத்தியில் ஒரு ஓரமாக வந்து நின்றது. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு வராமல் போகுமா? நேரம் ஒன்றே முக்காலாகியிருந்தது. அந்த ஓரத்தை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

“சரி, எறக்கு,” என்றான்.

கல் இரண்டை அடுக்கி அதன் மேல் பம்பை வைத்து, முடுக்கிவிட்டு ரஜீவ் மேலே ஏறி வந்தான். தண்ணீர் குபுகுபுவென்று சாக்கடைக் கானுக்குள் ஓடியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் சல்லடையில் சேறு அடைத்துப் பம்ப் நின்றது. அழகர் குப்பி லாம்பைக் கொளுத்தி இறக்கினான். சுடர் ஆடாமல் எரிந்தது. ரஜீவ் இறங்கிச் சேற்றை எடுத்துவிட்டு மறுபடி முடுக்கினான். சரியாக ஓடும் வரைக்கும் ஐந்தாறு நிமிடம் பக்கத்திலேயே நின்றான். ஏறி வந்தபோது முகம் வேர்த்திருந்தது. “இந்தா வந்துர்றேன் மச்சான்,” என்று படியேறி மேல் மாடிக்குப் போனான். மூன்றாம் மாடியில் இரகுநாதன் வீட்டில் தயானி பில்டர் கழுவிக்கொண்டிருந்தாள். பொண்டாட்டியிடம் பிளேன்டீ குடிக்கப் போகிறான் என்று அழகர் நினைத்தான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டே முக்காலுக்குப் பம்ப் தானாக நின்றது. கணுக்கால் தண்ணீர்தான் மிச்சம். அதை வாளியால் அள்ளிவிடலாம், முதலில் பம்பைத் தூக்க வேண்டும். புகை போகட்டும் என்று பத்து நிமிடம் விட்டார்கள். அழகர் மறுபடி லாம்பை இறக்கினான். ஒரு நிமிடம் வைத்திருந்தான். சுடர் நேராக நின்றது.

“எறங்கு மாப்ள.”

ரஜீவ் இறங்கினான். இடுப்புக் கயிறு பம்பின் கைப்பிடியில் சிக்கியது. “சனியன்,” என்று சொல்லி அதை அவிழ்த்துவிட்டான். கட்டுடா என்று அழகர் கத்தினான். “ஒரு நிமிசம் மச்சான்,” என்றான் ரஜீவ். பம்பைக் கட்டுவதற்குக் குனிந்தான். குனிந்தவன் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு களைத்துப்போன ஆள் படுக்கிற மாதிரி மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தான். சத்தம் ஒன்றுமே இல்லை. அவன் வாழ்க்கையில் பேசாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் பேசுகிறது. அழகர் தொட்டி வாயில் குப்புறப் படுத்து ரஜீவ் ரஜீவ் என்று கத்தினான். கம்பிக் கொக்கியை விட்டுச் சட்டையில் மாட்டி இழுத்தான். சட்டை கிழிந்து கையோடு வந்தது. குடியிருப்பின் காவல்காரர் பண்டா ஓடி வந்து காலை உள்ளே விட்டார். அழகர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அவர் எழுந்து மறுபடி போனார், மறுபடி தள்ளினான். இரகுநாதன் ஆஸ்பத்திரிக்கும் மாநகரசபைக்கும் போன் அடித்துக்கொண்டே நின்றார், நம்பர் தப்பித் தப்பிப் போனது. தயானி மூன்று மாடிப் படியையும் எப்படி இறங்கினாளோ தெரியாது. நேரே தொட்டி வாய்க்குள் பாயப் போனவளை அழகர் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

“விடுங்க! நீங்க எறங்குங்க! எறங்குங்கண்ணே, ஒங்களுக்குத்தான தெரியும் இந்த வேல!”

“போனா செத்துருவோம் தயா. போனவங்க யாரும் வரமாட்டாங்க.”

“அப்ப அவரு?”

அவள் அவன் முன்கையைக் கடித்தாள். இரத்தம் வந்தது. அவன் பிடியை விடவில்லை. கண் முன்னால், ஒன்பதடி ஆழத்தில், கணுக்கால் தண்ணீரில் ரஜீவ் கிடந்தான். முகம் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. அதுதான் கொடுமை. தூங்குகிற மாதிரி இருந்தது.

மூன்று மணி இருபதுக்குக் கரண்ட் வந்தது. ஊதுகாற்று மெசினைப் போட்டுப் பத்து நிமிடம் காற்று அடித்துவிட்டு, அழகர்தான் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினான், அவன்தான் ரஜீவைத் தூக்கிக் கொடுத்தான். இதையும் ஊர் பேசுகிறது. உயிர் போன பிறகு இறங்கினான் என்று.

சட்டம் சரியானது. அழகர் அன்று இறங்கியிருந்தால் இரண்டு பிணம், பண்டாவையும் விட்டிருந்தால் மூன்று, தயானியோடு நாலு. இதை யாரிடம் சொல்வது? செத்தவனின் தாய் பெரியாயி பிரேதத்தின் மேல் விழுந்து, “பாத்துக்கிட்டே நின்னியேடா பாவி, எம்புள்ளய பாத்துக்கிட்டே நின்னியே,” என்று அலறிக்கொண்டிருந்தாள். அவளிடம் சட்டம் பேசவா முடியும்?

பிரேத பரிசோதனை முடிந்து வெளியே வந்த டொக்டர் அனுஷன், அழகரைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயசு, பருத்தித்துறைப் பக்கம். ஆஸ்பத்திரி நடையில் வைத்து மெல்லிய குரலில் கேட்டார்.

“அந்தப் பம்பை உள்ளுக்க வைச்சு ஓட்டினனீங்களோ?”

“ஆமாங்க ஐயா. ஆனா வெளக்கு எறக்கிப் பாத்தேன். நல்லா எரிஞ்சிச்சுங்க.”

“குளோரினாலை நடந்தது இல்லை இது. பெற்றோல் புகையில வாற நஞ்சு, காபன் மொனொக்சைட். மணம் இல்லை, நிறம் இல்லை. விளக்கு எரியிறதுக்குக் காற்றில ஒட்சிசன் இருந்தால் போதும். அது இருந்தது, விளக்கு எரிஞ்சது. நஞ்சு இருந்தாலும் விளக்கு எரியும். அது நஞ்சைக் காட்டாது.”

“புகை போகட்டும்னு பத்து நிமிசம் விட்டோமேங்க…”

“ஒரு வாய்தானே இருந்தது? காற்று ஓடாமல் எப்பிடிப் போகும்?” என்று கேட்டவர், “முதல்ல தலையிடி வந்திருக்கும். தலைச்சுத்து, வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரி. பிறகு கால் சோர்ந்து விழுந்திடும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது. நோகவும் நொந்திருக்காது,” என்றார்.

ஆறுதலுக்குத்தான் அதைச் சொன்னார். நல்ல மனுசன்.

விசாரணையில் விபத்து மரணம் என்று எழுதினார்கள். நஞ்சின் பேர் இங்கிலீசுக் கடுதாசிக்குள்ளேயே கிடந்தது. அழகர் லாம்பு இறக்கியதைப் பொலிசில் சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பெரியாயிகூட அதை ஒப்புக்கொண்டாள். வெளக்குப் போட்டுப் பாத்துத்தான் எறக்குனான், அதுல தப்பில்ல, எறங்காம நின்னதுதான் தப்பு என்றாள். குளோரின் தூளின் காற்று அடித்துச் செத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. தயானியும் அதையே நம்பினாள். அழகர் திருத்தவில்லை. வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவான். லாம்பை இறக்கி எறங்கு என்று சொன்னது தன் வாய் என்பதை அவன் மட்டும் சுமந்தான். அவன் தூக்கத்தில் அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

தயானி பில்டர் வேலையை விடவில்லை. விட்டால் யார் சோறு போடுவது? மாமியாரோடு லயத்தில் இருந்துகொண்டு, அட்டைகளைப் பார்த்து வீடு வீடாகத் தனியாகப் போய் வந்தாள். அந்த நாலு மாடிக்கும் போனாள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடக்கும்போது மட்டும் சேலைத் தலைப்பை முகத்தில் பிடித்துக்கொள்வாளாம். பதினாறாம் நாள் கருமாதியில் அழகர் நீட்டிய சேலையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றவள்தான். அதோடு அண்ணன் தங்கச்சிப் பேச்சு முடிந்தது.

ஆறு மாதம் போனது. மாசியில் இரகுநாதன் ஆள் அனுப்பினார். தொட்டி கழுவும் தவணை வந்துவிட்டது. நீர் செய்யாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேணும், வந்து சொல்லும் என்று. அழகர் போனான். இனி நிலத்தொட்டி செய்வதில்லை, இந்தாருங்கள் உங்கள் கடுதாசி என்று கொடுத்துவிட்டு வர நினைத்துத்தான் போனான்.

இரகுநாதன் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி லீலாதேவி, “இரும், இப்ப வந்திடுவார்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் சுகமில்லாத ஒருவருக்குக் கஞ்சி கொண்டு போனார். குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தான். தயானி முதுகைக் காட்டிக்கொண்டு கேண்டிலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். தோள் எலும்பு ஜாக்கெட்டுக்கு மேலே தெரிந்தது.

“தயா.”

அவள் திரும்பவில்லை. “தொட்டி கழுவ வந்தீங்களோ?”

“இல்ல. முடியாதுனு சொல்ல வந்தேன்.”

“ஆமா, பயமா இருக்கும்.”

ஒரு அடியை வாங்கினாலும் அவன் தாங்கியிருப்பான். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொல்லட்டும், பெரியாயி சொல்லட்டும். பத்து வயதிலிருந்து அவன் தூக்கி வளர்த்த தங்கச்சி சொல்லக்கூடாது. அவளுக்காகச் சொல்கிறோம் என்றுதான் அவன் நினைத்தான். பாதி பொய். தன் மேல் இருந்த அந்த ஒரு கறையைத் துடைக்கத்தான் வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்கிறவனுக்கும் தன் பாரம் இறங்க வேண்டும் என்கிற ஆசை உண்டு. அது யார் தலையில் இறங்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

“நான் பயந்து நிக்கல தயா. எறங்கியிருந்தா நானும் செத்திருப்பேன், நீயும் செத்திருப்ப. அது தப்பில்ல. தப்பு அதுக்கு முன்னாடியே நடந்துருச்சு. அவன் மருந்துக் காத்துல சாகல. நான் பம்ப உள்ளுக்கு எறக்கச் சொன்னேன்ல, அந்தப் புகையில வெசம் இருந்திருக்கு. லாம்பு எரிஞ்சிச்சு, எரிஞ்சதப் பாத்துட்டு எறங்குனு சொன்னேன். அந்த வெசத்துக்கு லாம்பு அணையாதாம். டொக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கொன்னுட்டேன். நின்னு பாத்ததுக்கு என்னைய வெறுக்காத. இதுக்கு வெறு, வாங்கிக்கிறேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை நின்றுவிட்டது. அழுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டுவாள், கேண்டிலைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தான். அவள் திரும்பி நின்று மெதுவாகக் கேட்டாள்.

“அந்தக் காத்து பட்டா மொதல்ல என்ன செய்யும்?”

“என்னது?”

“ஒடம்புக்கு. மொதல்ல என்ன வரும்னு சொன்னாரு டொக்டரு?”

அவள் தன்னை விட்டுவிட்டுக் காற்றைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பேச ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தான். முட்டாள்.

“தலவலிதான் மொதல்ல வருமாம். தல சுத்துமாம், வாந்தி வர்ற மாதிரி இருக்குமாம். அப்பவே வெளிக் காத்துக்கு வந்து படுத்துட்டா பொழச்சுக்கலாமாம்.”

தயானி குழாயை மூடினாள். நனைந்த கையால் சுவரில் இருந்த சின்ன மருந்துப் பெட்டியைக் காட்டினாள்.

“இங்கதான் வந்து நின்னாரு. இந்தக் கதவுல சாஞ்சிக்கிட்டு. தல வெடிக்குது தயா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, கொஞ்சம் படுத்துக்கிடவானு கேட்டாரு. லீலாம்மாகிட்ட ரெண்டு பனடோல் வாங்கிக் குடுத்தேன். நாலு மணிக்குத் தண்ணி வந்துரும், அண்ணே தனியாக் கெடந்து கஷ்டப்படுறாரு, முடிச்சிட்டு வந்து படுங்கனு சொன்னேன். முதுகுல கைய வச்சுத் தள்ளி அனுப்புனேன்.”

சொன்னதையெல்லாம் திரும்ப விழுங்க முடியுமானால், கோழை என்கிற பேரை அழகர் இன்னும் நூறு வருடம் சுமப்பான். அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தரமாக நேருக்கு நேராக, சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பாளே, அதே கண்ணோடு பார்த்தாள்.

“இத ஏன் எங்கிட்ட சொன்னீங்கண்ணே?” என்றாள்.